ஸ்கோர் 0.61, ஆனால் தெரிந்தவர்கள் "இது அவர் இல்லை" என்கிறார்கள்: எதை நம்புவது?

கரிக்கோடு

வணக்கம். ஒருவரின் ஃபோட்டோவைக் கொடுத்தால் அவரை வாட்டர்கலராகவோ, தடித்த தூரிகைக் கார்ட்டூனாகவோ வரைந்து தரும் வேலையில் மூன்று மாதமாக இருக்கிறேன். 24 பேர் தங்கள் படங்களைத் தர சம்மதித்தார்கள். அவர்களை வைத்துத்தான் சோதிக்கிறோம். குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: வரைந்த முகத்துக்கும் ஃபோட்டோவுக்கும், முகங்களை ஒப்பிடும் மாடலான ஆர்க்ஃபேஸ் தரும் ஒற்றுமை ஸ்கோர் 0.5க்கு மேல் இருந்தால் பாஸ், கீழே போனால் ஃபெயில்.

இரண்டு படங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டுமே ஒரே ஆளுடையவை.

முதல் படம் வாட்டர்கலர். ஸ்கோர் 0.61. கண், மூக்கு, உதடு எல்லாம் ஃபோட்டோவில் இருப்பதுபோலவே இருக்கின்றன. அவரோடு தினமும் பழகும் எட்டுப் பேரிடம் காட்டினேன். "இது யார்?" என்றுதான் கேட்டேன், பெயர் சொல்லவில்லை. ஐந்து பேருக்கு யாரென்று தெரியவில்லை. ஒருவர், "அவருக்குத் தம்பி இருக்கிறாரா?" என்று கேட்டார்.

இரண்டாவது படம் கார்ட்டூன். ஸ்கோர் 0.24. கண்கள் வெறும் இரண்டு கோடு, மூக்கு ஒரு வளைவு. எட்டுப் பேரும் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

விதிப்படி முதலாவதை அனுப்ப வேண்டும், இரண்டாவதைக் குப்பையில் போட வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. ஸ்கோரை விட்டுவிட்டு ஆட்களை வைத்தே பார்ப்பதா? அல்லது ஸ்கோரை நான்தான் தப்பாகப் பயன்படுத்துகிறேனா?

---

எண்கணக்கு

இதில் குழப்பமே இல்லை. அந்த மாடல் ஃபோட்டோக்களில் பழகியது. ஓவியத்தைப் பார்த்தால் ஸ்கோர் இறங்கத்தான் செய்யும். கார்ட்டூனுக்குத் தனியாக 0.2 என்று வரம்பு வையுங்கள், வாட்டர்கலருக்கு 0.5 இருக்கட்டும். ஸ்டைலுக்கு ஒரு வரம்பு வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

---

அச்சுக்கட்டை

எண்கணக்கு சொன்னதில் பாதி சரி. ஒரு ஸ்டைலின் எண்ணை இன்னொரு ஸ்டைலின் எண்ணோடு ஒப்பிடக்கூடாது என்பது உண்மை. ஆனால் 0.2 என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? அந்த ஸ்டைலில் வேறொருவரின் படத்துக்கே 0.2 வந்தால் அந்த வரம்புக்கு அர்த்தமே இல்லை. அது தவிர, 0.61 வந்தும் ஆள் தெரியாமல் போன முதல் படத்துக்கு இதில் பதில் கிடையாது.

கரிக்கோடு, எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் மாடல் உண்மையில் எதைப் பார்த்தது என்று பாருங்கள். அது உங்கள் படம் முழுவதையும் பார்ப்பதில்லை. முகத்தைத் தேடும் டிடெக்டர் இரண்டு கண், மூக்கு நுனி, வாயின் இரண்டு ஓரம் என ஐந்து புள்ளிகளைக் குறிக்கும். அந்தப் புள்ளிகள் ஒரு நிலையான இடத்தில் வந்து உட்காரும்படி படத்தைச் சுழற்றி, அளவு மாற்றி, 112×112 பிக்சல் சதுரமாக வெட்டும். 512 எண்கள் கொண்ட எம்பெட்டிங் அந்தச் சதுரத்திலிருந்து மட்டுமே வருகிறது. இரண்டு படத்துக்கும் அந்தச் சதுரத்தைச் சேமித்துப் பாருங்கள்:

```python
import cv2
from insightface.app import FaceAnalysis
from insightface.utils import face_align

app = FaceAnalysis(name="buffalo_l")
app.prepare(ctx_id=0, det_size=(640, 640))
img = cv2.imread("cartoon.png")
faces = app.get(img)
print(len(faces))
crop = face_align.norm_crop(img, faces[0].kps, image_size=112)
cv2.imwrite("crop.png", crop)
```

பார்த்துவிட்டு, சதுரத்துக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதுங்கள்.

---

வாசற்படி

எங்கள் அலுவலக வருகைப் பதிவுக் கேமராவிலும் இதே தொல்லை. தாடி வைத்த பிறகு ஒரு நண்பரைக் கேமரா ஏற்க மறுக்கிறது. வரம்பை 0.4இலிருந்து 0.3க்கு இறக்கலாமா? யாராவது சொல்லுங்கள்.

---

அச்சுக்கட்டை

வாசற்படி, உங்களுடையது வேறு கேள்வி. அங்கே ஃபோட்டோவோடு ஃபோட்டோவை ஒப்பிடுகிறார்கள். வரம்பை இறக்கினால் வேறொருவரை அவர் என்று ஏற்றுக்கொள்ளும் அபாயம் கூடும். வரம்பில் கை வைக்க வேண்டாம், தாடியோடு எடுத்த புதுப் படத்தைப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். இங்கே நாம் பேசுவது ஓவியத்தில் ஆள் தெரிகிறாரா என்பதைப் பற்றி.

---

கரிக்கோடு

சதுரங்களைப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

வாட்டர்கலர்: ஐந்து புள்ளிகளும் சரியான இடத்தில் இருக்கின்றன. ஆனால் சதுரத்தில் நெற்றியிலிருந்து கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே வரைதான் இருக்கிறது. தலையுச்சி இல்லை, காதும் முடியும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, தாடையின் அடிக்கோடு வெட்டுப்பட்டிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் "முகம் ஒடுங்கியிருக்கு" என்றுதான் சொன்னார்கள். அந்த ஒடுக்கம் தெரிகிற தாடையும் தலையின் வெளிக்கோடும் சதுரத்துக்குள் முழுதாக வரவில்லை.

கார்ட்டூன்: மூக்குப் புள்ளி கன்னத்தில் இருக்கும் ஒரு நிழல் தீற்றலில் போய் உட்கார்ந்திருக்கிறது. வாயின் இடது ஓரம் முகவாய்க்கட்டையில். அதனால் முகமே பக்கவாட்டில் சாய்ந்து வெட்டப்பட்டிருக்கிறது. சாய்ந்த முகத்தை நேரான முகத்தோடு ஒப்பிட்டு வந்த எண்தான் 0.24.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, அதுதான் அதிகம் உறுத்துகிறது. 24 கார்ட்டூன்களில் 7 படங்களில் டிடெக்டர் முகத்தையே காணவில்லை. எங்கள் ஸ்கிரிப்ட் அந்த ஏழையும் சத்தமில்லாமல் தாண்டிவிட்டு மீதி 17க்குச் சராசரி போட்டிருக்கிறது. போன வாரம் "கார்ட்டூன் ஸ்டைல் முன்னேறிவிட்டது" என்று நான் காட்டிய அட்டவணையும் அந்தச் சராசரிதான். ஸ்டைலைத் தீவிரமாக்க ஆக்க கடினமான படங்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடும், மிச்சமிருப்பவை நன்றாகத் தெரியும். குழுவில் எல்லோருக்கும் திருத்தம் அனுப்பிவிட்டேன்.

---

அச்சுக்கட்டை

ஸ்கிரிப்ட் தாண்டிப்போவதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. முகம் கிடைக்காத படங்களைச் சராசரிக்குப் பக்கத்திலேயே தனி எண்ணாகப் போடுங்கள். "24இல் 17 கிடைத்தது, அந்த 17க்குச் சராசரி இவ்வளவு" என்று எழுதினால் யாரும் ஏமாற மாட்டார்கள். அந்த ஏழில் சில, முகம் படச்சட்டம் முழுவதையும் அடைத்திருப்பதால் தவறியிருக்கலாம். சுற்றிலும் வெற்று ஓரம் சேர்த்தோ `det_size` ஐ 320க்குக் குறைத்தோ பாருங்கள், சில திரும்பக் கிடைக்கலாம். மீதிக்கு ஐந்து புள்ளிகளையும் கையால் வையுங்கள். 24 படம்தானே, அரை மணி நேர வேலை.

அது முடிந்ததும் எண்ணைத் தனியாகப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு கார்ட்டூனையும் 24 பேரின் ஃபோட்டோவோடும் ஒப்பிட்டு, சொந்த ஆள் எத்தனையாவது இடத்தில் வருகிறார், அடுத்தவரைவிட எவ்வளவு முன்னால் இருக்கிறார் என்று பாருங்கள். ஒரே ஸ்டைலில் வரைந்த முகங்களை மாடல் ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் காணும். தடித்த கோடு, தட்டையான நிறம் எல்லாம் எம்பெட்டிங்கிலும் கொஞ்சம் கசியும். அதனால் அந்த ஸ்டைலுக்குள்ளேயே வைத்துப் பார்த்தால்தான் எண்ணுக்குப் பொருள்.

இன்னொரு கேள்வி. படத்தை உருவாக்கும்போது முகத்தை எப்படி உள்ளே கொடுக்கிறீர்கள்?

---

கரிக்கோடு

`IP-Adapter FaceID`. அதற்கு `buffalo_l` எம்பெட்டிங்கைக் கொடுக்கிறோம்.

...எழுதும்போதே புரிகிறது. அளப்பதும் `buffalo_l` தான்.

---

அச்சுக்கட்டை

அதேதான். கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்ததுபோல. படம் எந்த 512 எண்களை நோக்கி இழுக்கப்பட்டதோ, அதே எண்களுக்கு அது எவ்வளவு அருகில் வந்தது என்றுதான் அளக்கிறீர்கள். நெருங்கி வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த எண்கள் கவனிக்காத விஷயங்களில் படம் எங்கே போனாலும் ஸ்கோருக்குத் தெரியாது.

அளப்பதற்கு வேறொரு மாடலை வையுங்கள், அடாஃபேஸ் மாதிரி. ஆனால் முழு நம்பிக்கை வைக்க வேண்டாம். அதுவும் ஐந்து புள்ளிகளால் நேராக்கிய 112×112 சதுரத்தைத்தான் பார்க்கிறது. அதன் எண்ணையும் பழைய எண்ணோடு நேராக ஒப்பிடாதீர்கள், இடவரிசையை மட்டும் பாருங்கள்.

---

தூரிகை

நான் கணினிக்காரி இல்லை, முப்பது வருடமாக ஆட்களை எதிரே உட்கார வைத்து வரைகிறேன். நீங்கள் சொல்லும் சதுரம் எனக்கு ஆச்சரியம் தருகிறது. நான் ஒரு முகத்தைத் தொடங்கும்போது கண்ணைக் கடைசியில்தான் தொடுவேன். முதலில் தலையின் வெளிக்கோடு, முடி தொடங்கும் வரி, தாடை கழுத்தில் சேருமிடம், காது எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. இவை சரியாக விழுந்துவிட்டால் முகத்துக்குள் ஒன்றுமே போடாமல் கூட ஆள் தெரிவார். இவை தவறினால், கண்ணை எவ்வளவு நுணுக்கமாகப் போட்டாலும் ஆள் வரமாட்டார்.

கார்ட்டூனில் நடப்பது அடுத்த படி. ஒருவரிடம் மற்றவர்களைவிட எது கூடுதலோ அதை இன்னும் கூட்டுகிறோம், குறைவானதை இன்னும் குறைக்கிறோம். உங்கள் ஆளுக்கு நெற்றி அகலமாக இருக்குமே? கார்ட்டூனில் அது இன்னும் அகலமாக இருந்திருக்கும்.

---

கரிக்கோடு

ஆமாம் அம்மா! நெற்றி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வாட்டர்கலரில் நெற்றி குட்டையாகிவிட்டது.

---

அச்சுக்கட்டை

தூரிகை அம்மா சொன்னதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. ரோட்ஸ், பிரென்னன், கேரி மூவரும் 1987இல் வெளியிட்டது. தெரிந்தவர்களின் முகங்களைக் கோட்டோவியமாக்கி, சிலவற்றில் தனித்தன்மையை மிகைப்படுத்தினார்கள், சிலவற்றில் மழுங்கடித்தார்கள். மிகைப்படுத்திய படங்களை மக்கள் உள்ளபடி வரைந்ததைவிட வேகமாக அடையாளம் கண்டார்கள், மழுங்கடித்தவற்றுக்கு அதிக நேரம் எடுத்தது. ஒற்றுமை ஸ்கோரோ ஃபோட்டோவிலிருந்து எந்தத் திசையில் விலகினாலும் பொதுவாகத் தண்டனைதான் தரும். விலகல் அந்த ஆளின் தனித்தன்மையை நோக்கிப் போகிறதா, எல்லோருக்கும் பொதுவான முகத்தை நோக்கிப் போகிறதா என்று பிரித்துச் சொல்லும் வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை.

---

நடுநிலை

அப்படியானால் ஆட்களை வைத்துப் பார்ப்பதே தீர்வு என்று முடிவுகட்ட வேண்டாம். நாங்கள் அதைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டோம். வெளியாட்கள் பன்னிரண்டு பேரிடம் ஃபோட்டோவையும் ஓவியத்தையும் பக்கத்தில் வைத்து, "எவ்வளவு ஒத்திருக்கிறது, 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுங்கள்" என்றோம். ஒரே படத்துக்கு ஒருவர் 2, இன்னொருவர் 5. அடுத்த வாரம் அதே ஆளிடம் அதே படத்தைக் கொடுத்தால் வேறு மதிப்பெண். பிறகு புரிந்தது, அழகாக வரைந்த படத்துக்கெல்லாம் "ஒத்திருக்கிறது" என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி, சட்டை நிறம் ஒன்றாக இருந்தால் கூடுதல் மதிப்பெண். இந்தக் குழப்பத்துக்கு ஸ்கோரே மேல் என்று திரும்பிவிட்டோம்.

---

அச்சுக்கட்டை

நடுநிலை, உங்கள் அனுபவம் உண்மையானது. ஆனால் தவறு மனிதர்களிடம் இல்லை, கேட்ட கேள்வியிலும் கேட்கப்பட்ட ஆட்களிலும் இருக்கிறது.

அறிமுகமில்லாத முகத்தை அடையாளம் காண்பதில் நாம் எல்லோருமே பலவீனமானவர்கள். 2011இல் ஜென்கின்ஸும் சக ஆய்வாளர்களும் இரண்டு பெண்களின் படங்களை, தலைக்கு 20 வீதம் 40 எடுத்துக் கலந்து கொடுத்து, ஆளுக்கு ஒரு குவியலாகப் பிரிக்கச் சொன்னார்கள். அவர்களை அறியாதவர்கள் சராசரியாக ஏழெட்டு ஆட்கள் இருப்பதாக நினைத்துப் பிரித்தார்கள். அந்த இருவரும் நெதர்லாந்தில் பிரபலமானவர்கள். அங்கிருப்பவர்களிடம் கொடுத்தபோது பெரும்பாலும் இரண்டே குவியல். அத்தனையும் ஃபோட்டோக்கள், ஓவியம் கூட இல்லை. அப்படியிருக்க, வெளியாளிடம் ஓவியத்தைக் கொடுத்து 5க்கு எவ்வளவு என்றால் கையில் கிடைத்த சட்டையையும் கண்ணாடியையும்தான் பிடித்துக்கொள்வார்கள்.

நான் செய்வது இது. ஓவியத்தை மேலே வைத்து, கீழே ஆறு ஃபோட்டோக்கள். ஆறு பேரும் ஒரே வயது, ஒரே பாலினம், முடியும் ஏறக்குறைய ஒன்றுபோல. சரியான ஆளின் ஃபோட்டோ, ஓவியம் உருவாக்கக் கொடுத்த ஃபோட்டோவாக இருக்கவே கூடாது. வேறொரு நாளில், வேறு வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைச்சாய்வையும் புன்னகையையும் வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்கோருக்கும் இதே விதி. "இவர்களில் யாருமில்லை" என்று ஏழாவதாக ஒரு தேர்வும் வையுங்கள், சில வரிசைகளில் சரியான ஆளை வேண்டுமென்றே சேர்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்தவர்களின் விடையையும் தெரியாதவர்களின் விடையையும் ஒருபோதும் ஒன்றாகக் கூட்டாதீர்கள்.

---

எண்கணக்கு

எல்லாம் சரி, ஒரு நாளைக்கு ஐந்நூறு படம் வந்தால் ஒவ்வொருவருக்கும் தெரிந்தவர்களை எங்கே போய்த் தேடுவது?

---

அச்சுக்கட்டை

முடியாதுதான். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் அதைச் செய்வதில்லை. ஸ்டைலையோ அமைப்பையோ மாற்றும்போது ஒரு சிறு குழுவை வைத்துச் செய்கிறோம். தினசரி வரும் படங்களில் முகமே கிடைக்காதது, சொந்த ஆள் முதல் ஐந்து இடத்துக்குள் கூட வராதது, இரண்டையும் ஸ்கோர் பிடித்துக் கொடுக்கும். அந்த வேலைக்கு அது போதும். 0.55 வந்த படம் 0.48 வந்ததைவிட நன்றாக ஒத்திருக்கிறது என்று சொல்லும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள்.

---

கரிக்கோடு

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

கார்ட்டூனில் ஐந்து புள்ளிகளையும் கையால் வைத்ததும் 0.24 என்பது 0.35 ஆனது. ஆறு பேர் வரிசையில் எல்லோருக்கும் வேறு நாள் ஃபோட்டோக்களை வைத்தேன். அவரைத் தெரியாத பத்துப் பேரில் வாட்டர்கலரை 7 பேர் சரியாகச் சொன்னார்கள், கார்ட்டூனை 4 பேர். அவரைத் தெரிந்தவர்களில் முன்பு கேட்ட எட்டுப் பேரை விட்டுவிட்டு, வேறு எட்டுப் பேரிடம் வரிசை வைக்காமல் "யார்?" என்று மட்டும் கேட்டேன். வாட்டர்கலருக்கு 3, கார்ட்டூனுக்கு 8. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் தெரியாதவர்கள் ஸ்கோர் சொன்ன பக்கமே நிற்கிறார்கள், தெரிந்தவர்கள் நேர் எதிரே. தெரியாதவர்கள் கண்ணையும் மூக்கையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்ததை நேரிலேயே கண்டேன், விரலை வைத்துக்கூடப் பார்த்தார்கள்.

அடுத்தது, வாட்டர்கலரில் முகம் ஏன் ஒடுங்கியது என்று தேடினேன். அவர் கொடுத்த மூன்று ஃபோட்டோவும் கையை நீட்டித் தானே எடுத்தவை. அவ்வளவு கிட்டத்திலிருந்து எடுத்தால் மூக்கும் கண்ணும் பெரிதாகி, காதும் தாடை ஓரமும் பின்னால் போய் ஒளிந்துகொள்கின்றன. படத்தில் வந்த ஒடுங்கிய முகம் ஃபோட்டோவில் உள்ள முகம்தான். கூட இருப்பவர்கள் பார்ப்பது மேசைக்கு எதிரே இருந்து பார்க்கும் முகத்தை.

இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு படம் எடுத்து, அதை வைத்து மறுபடி உருவாக்கினேன். பழைய ஃபோட்டோவோடு ஒப்பிட்டால் ஸ்கோர் 0.61இலிருந்து 0.52க்கு இறங்கியது. அவரோடு பழகும், இதுவரை எந்தப் படத்தையும் பார்க்காத ஏழு பேரிடம் காட்டினேன். ஆறு பேர் உடனே பெயரைச் சொன்னார்கள்.

---

நடுநிலை

இதைப் படித்துவிட்டு எங்கள் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். நிராகரித்தவற்றில் பெரும்பாலானவை தடித்த கோட்டு ஸ்டைல். புள்ளிகள் எங்கே விழுந்தன என்று ஒன்றைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. இந்த வாரம் பார்க்கிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். கரிக்கோடு, நீங்கள் சோதித்தது ஒரே ஆள். அவருக்கு அகலமான நெற்றி, எளிதில் பிடிபடும் முகம். தனித்து எதுவும் தெரியாத முகத்துக்கும் கார்ட்டூன் இப்படி ஜெயிக்குமா?

---

கரிக்கோடு

நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. 24 பேரில் அப்படி நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். அதுவரை 0.5 விதியை எடுத்துவிட்டு இடவரிசையை வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் முடிவாகவில்லை. கார்ட்டூனில் இருப்பவரிடமே அதைக் காட்டினேன். எட்டுப் பேரும் நொடியில் பெயர் சொன்ன அதே படத்தைப் பார்த்து, "இது நான் மாதிரியே இல்லையே" என்றார். வாட்டர்கலர்தான் அவருக்குப் பிடித்தது, அந்த முதல் ஒடுங்கிய வாட்டர்கலர்.

---

தூரிகை

என் எதிரே உட்கார்பவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். அவர் தன்னைப் பார்ப்பது கண்ணாடியில், இடவலம் மாறி. இப்போது கை நீட்டி எடுத்த படத்திலும். அவருக்குத் தெரிந்த தன் முகம் அதுதான். நான் அவரோடு வந்தவரிடம் ஓவியத்தைத் திருப்பிக் காட்டுவேன், அவர் முகம் மலர்ந்தால் பேனாவைக் கீழே வைப்பேன். ஆனால் படத்தை வாங்கிப் போகிறவர் உட்கார்ந்தவர்தான் என்றால், யார் சொல்வதைக் கேட்பது என்று எனக்கும் இன்றுவரை ஒரே விடை கிடையாது. கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் திருப்பிய படத்தை அவரிடம் ஒருமுறை காட்டிப் பாருங்களேன்.

---

கரிக்கோடு

நாளை அவர் வருகிறார். இரண்டு படத்தையும் நேராகவும் திருப்பியும் அச்செடுத்து, எது எது என்று சொல்லாமல் முன்னால் வைக்கிறேன்.